தனி உரிமையாளர் இறந்தால் ஒரு வழி, பங்குதாரர் இறந்தால் வேறு வழி: வாரிசுகள் செய்ய வேண்டியவை

மதுரையில் ஒரு ஹார்டுவேர் கடை என்று வைத்துக்கொள்வோம். அதை நடத்தியவர் இறந்துவிட்டார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

படி 1: கடை யாருடையது என்று பாருங்கள்

ஜிஎஸ்டி சான்றிதழில் ‘Proprietorship’ என்றிருந்தால் கடையும் அவரும் சட்டப்படி ஒருவரே. ‘Partnership’ என்றிருந்தால் பார்ட்னர்ஷிப் டீடைத் தேடி எடுங்கள்.

படி 2: தனி உரிமையாளர் என்றால்

சரக்கு, வரவேண்டிய பாக்கி, அவருடைய வீடு, கடன் எல்லாம் ஒரே கணக்கு. மொத்தச் சொத்து 20 லட்சம், கடன் 26 லட்சம் என்றால், மிச்சமுள்ள 6 லட்சத்தை மனைவியின் சொந்தச் சம்பளத்திலிருந்தோ நகையிலிருந்தோ கேட்க முடியாது. வாரிசுகள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு.

ஜிஎஸ்டியில் இன்னும் கவனம் தேவை. கடையை மூடினால் பழைய வரிபாக்கி அவர் விட்டுச்சென்ற சொத்து அளவோடு நிற்கும். மகன் தொடர்ந்து நடத்தினால் அந்தப் பாக்கிக்கு மகனே பொறுப்பு. எனவே தொடர்வதா என்று முடிவெடுக்கும் முன் பழைய ரிட்டர்ன்களைச் சரிபாருங்கள்.

தொடர்வது என்றால் அப்பாவின் ஜிஎஸ்டி எண்ணில் பில் போடக் கூடாது. அது அவருடைய பான் எண்ணோடு கட்டப்பட்டது. மகன் தன் பெயரில் `REG-01` படிவம் மூலம் 30 நாளுக்குள் புதுப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். காரணம், உரிமையாளர் மரணம். அப்புறம் `ITC-02` மூலம் மீதமிருக்கும் உள்ளீட்டு வரி வரவைப் புது எண்ணுக்கு மாற்றி, `REG-16` கொடுத்துப் பழையதை ரத்து செய்யலாம்.

வரவேண்டிய பாக்கிக்காக வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்க, தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் மட்டும் போதாது. நீதிமன்றத்தில் இறங்குரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

படி 3: பங்குதாரர் என்றால்

இங்கே கடைச் சாவி வாரிசுக்கு வராது, கணக்குதான் வரும். வாரிசு தானாகப் பங்குதாரர் ஆவதில்லை. டீடில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், 1932 ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி ஒருவர் மரணத்தோடு நிறுவனம் கலைந்துவிடும். இரண்டே பேர் இருந்த நிறுவனம், ‘தொடரும்’ என்று டீடில் எழுதியிருந்தாலும், ஒருவர் இறந்ததும் முடிந்துபோகும். மீதி ஒருவர் தனியாக ‘கூட்டு’ நடத்த முடியாதே.

மூன்று பேர் இருந்தால்? இறந்த தேதி வரைக்குமான கணக்கை முடித்துத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அவர் பங்கு 12 லட்சம் என்று வந்து, அதைத் தராமலே மற்ற இருவரும் தொழிலைத் தொடர்ந்தால், சட்டம் உங்களுக்கு ஒரு தேர்வு தருகிறது. அந்தப் பணத்தால் வந்த லாபத்தைக் கேட்கலாம். அல்லது ஆண்டுக்கு 6 சதவீத வட்டி, அதாவது 72,000 ரூபாய் கேட்கலாம். டீடில் வேறு விதமாக இல்லாதவரை இது செல்லும். லாபம் நன்றாக இருக்கும் கடையில் கணக்கைப் பார்க்காமல் வட்டிக்குச் சம்மதிக்காதீர்கள். பலர் இழப்பது இங்கேதான்.

இறப்புக்கு முந்தைய கடனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து பொறுப்பு. பிந்தைய கடனுக்கு இல்லை, போர்டில் அவர் பெயர் தொடர்ந்தாலும் சரி. ஆனால் மற்றவர்கள் வங்கிக் கடன் புதுப்பிக்கும் காகிதத்தை நீட்டினால், படிக்காமல் வாரிசு என்று கையெழுத்திட வேண்டாம். அது ஜாமீன் பத்திரமாக இருந்தால், புதுக் கடனில் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள்.