செவ்வாழை பாதியா, முழுசா? சுகர் உள்ளவருக்குப் பழம் எடுத்துவைக்கும் முறை

அப்பாவுக்குச் சுகர் என்று தெரிந்த நாளிலிருந்து ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். கொய்யா சாப்பிடலாம், மாம்பழம் கூடவே கூடாது, பப்பாளி எவ்வளவு வேண்டுமானாலும் ஆகட்டும், நாட்டு வாழைப்பழம் ஒன்றும் செய்யாது. விளைவு, மனிதர் மாம்பழத்துக்கு ஏங்கிக்கொண்டே பப்பாளியைத் தட்டு நிறைய வெட்டித் தின்றுகொண்டிருந்தார், சுகரும் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு சமையலறைத் தராசும் வீட்டிலிருந்த குளுக்கோமீட்டரும் வைத்துக்கொண்டு நாங்களே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். அந்த முறையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அப்பாவுக்கு 64 வயது, மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும், இன்சுலின் இல்லை. அவருக்கு மிகவும் பிடித்தது செவ்வாழை, அதனால் அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

படி 1: தோலுரித்து எடை போடுங்கள்

கடையில் கிடைக்கும் சாதாரண எலக்ட்ரானிக் தராசு போதும். தோல், கொட்டை எல்லாம் நீக்கிவிட்டு, வாயில் போகும் பகுதியை மட்டும் நிறுக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த செவ்வாழை தோலோடு 180 கிராம், உரித்தால் 120. அதே நாள் வாங்கிய ஏலக்கி உரித்தபின் வெறும் 45 கிராம். "தினம் ஒரு வாழைப்பழம்" என்று சொல்கிறார்களே, அதில் எந்த வாழைப்பழம் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு செவ்வாழையில் கிட்டத்தட்ட மூன்று ஏலக்கி அடங்கிவிடுகிறது.

படி 2: அதில் மாவுச்சத்து எவ்வளவு?

சுகரை ஏற்றுவது பழத்தில் நார்ச்சத்து போக மீதியிருக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். இரண்டையும் சேர்த்தே இங்கே மாவுச்சத்து என்று சொல்கிறேன். 100 கிராம் சதைக்கு இது தோராயமாக எவ்வளவு என்று தெரிந்தால் போதும். வாழைப்பழத்துக்கு 20 கிராம், பலாச்சுளைக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, திராட்சைக்கு 17, சப்போட்டாவுக்கு 15, மாம்பழத்துக்கு 13 அல்லது 14, கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு மூன்றுக்கும் 9 பக்கம், தர்பூசணிக்கு 7. ரகத்துக்கு ரகம் கொஞ்சம் மாறும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். செவ்வாழை 120 கிராம் என்றால் 24 கிராம் மாவுச்சத்து, ஏலக்கி என்றால் 9. சப்போட்டா மாம்பழத்தைவிட ஒரு படி மேலே இருப்பதைப் பார்த்தீர்களா? எங்கள் வீட்டில் மாம்பழத்துக்குத் தடை போட்டுவிட்டுச் சப்போட்டாவைத் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

படி 3: கிளைசீமிக் லோடு கணக்கு

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். கிளைசீமிக் இன்டெக்ஸ் என்பது ஒரு உணவு எவ்வளவு வேகமாகச் சுகரை ஏற்றுகிறது என்று காட்டும் எண், குளுக்கோஸுக்கு 100 என்று வைத்து மற்றவற்றை ஒப்பிடுவார்கள். 1981இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் கொண்டுவந்த முறை இது. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சோதனையில் பொதுவாக 50 கிராம் மாவுச்சத்து வரும் அளவுக்கு அந்த உணவைக் கொடுப்பார்கள். தர்பூசணியில் 50 கிராம் மாவுச்சத்து வேண்டுமென்றால் 700 கிராம் சதை தின்ன வேண்டும்! பல பட்டியல்களில் தர்பூசணிக்கு 70க்கு மேல் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு அதைத் தொடவே பயப்படுகிறார்கள், ஆனால் ஒரு கிண்ணம் மட்டும் தின்றால் கணக்கு வேறு.

அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் லோடு. இன்டெக்ஸை, நீங்கள் உண்மையில் சாப்பிடும் மாவுச்சத்து கிராமால் பெருக்கி, 100ஆல் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். 10 வரை குறைவு, 11 முதல் 19 வரை நடுத்தரம், 20ம் அதற்கு மேலும் அதிகம்.

வாழைப்பழத்தின் இன்டெக்ஸ் ஏறக்குறைய 50. முழு செவ்வாழைக்கு 50 × 24 ÷ 100 = 12. பாதிக்கு 6. ஒரு ஏலக்கிக்கு 4.5. தர்பூசணி 150 கிராமுக்கு, இன்டெக்ஸ் 72 என்று வைத்தாலும், 7 அல்லது 8தான் வரும். அதையே வெயிலுக்கு இதமாக இருக்கிறதே என்று அரைக்கிலோ தின்றால் 25ஐத் தாண்டிவிடும். மாம்பழத்தின் இன்டெக்ஸும் 50ஐ ஒட்டியதுதான், 80 கிராம் துண்டுக்கு 5 அல்லது 6 வரும், 240 கிராம் சதை உள்ள முழு பங்கனப்பள்ளிக்கு 16 பக்கம் வரும். ஒரு வேளைப் பழத்துக்கு 8ஐத் தாண்டக் கூடாது என்று நான் வீட்டில் ஒரு வரம்பு வைத்திருக்கிறேன், இது என் வசதிக்கு வைத்த எண், புத்தகத்தில் இருப்பது இல்லை.

படி 4: எவ்வளவு கனிந்திருக்கிறது என்று பாருங்கள்

தராசுக்குத் தெரியாத விஷயம் இது. வாழைக்காயில் இருப்பது பெரும்பாலும் ஸ்டார்ச், அதில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமலே கடந்து போய்விடும். பழுக்கப் பழுக்க அந்த ஸ்டார்ச் உடைந்து சர்க்கரையாகிறது. எடை ஏறக்குறைய அதேதான், மொத்த மாவுச்சத்தும் பெரிதாக மாறாது, ஆனால் உடம்பில் ஏறும் வேகம் மாறிவிடுகிறது. அதனால் ஒரே 60 கிராம் செவ்வாழை, திங்கட்கிழமை ஒரு பழம், வியாழக்கிழமை இன்னொரு பழம் மாதிரி நடந்துகொள்ளும்.

செவ்வாழையில் நிறத்தை மட்டும் நம்ப முடியாது, கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். லேசாக மட்டும் அமுங்கி, தோல் இறுக்கமாக ஒட்டியிருந்தால் நமக்கு வேண்டிய பதம். குழைந்து, தோலில் கருங்கோடு விழுந்து, வாசனை தூக்கலாக இருந்தால் முழுக்கக் கனிந்தது, அன்று அளவைக் குறைக்க வேண்டும். மாம்பழத்திலும் இதே கதைதான், அதனால் செங்காயாக இருக்கும்போது நறுக்குவது நல்லது. திராட்சை, ஆரஞ்சு, மாதுளை, தர்பூசணி இந்த வகையில் சேராது. பறித்தபின் சர்க்கரையாக மாறுவதற்கு அவற்றில் ஸ்டார்ச் இல்லை, அங்கே எடை மட்டும்தான் விஷயம். திராட்சையில் கூடுதல் ஆபத்து, கொத்தை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தால் எத்தனை போனது என்றே தெரியாது, எண்ணிக் கிண்ணத்தில் போட்டுக் கொடுங்கள்.

ஜூஸ் பற்றி ஒரே வரி: மூன்று ஆரஞ்சைத் தின்ன நேரமாகும், பிழிந்தால் ஒரு மடக்கு.

படி 5: எப்போது கொடுப்பது?

அப்பாவின் பழக்கம், மதியம் சாதம் சாப்பிட்டவுடன் ஒரு முழு செவ்வாழை. சாப்பாட்டுக்கு முன் 124 இருந்தது, இரண்டு மணி நேரம் கழித்து 221. மறுநாள் அதே அளவு சாதம், பழம் இல்லாமல், 178. சாதமே சுகரை 180 என்ற வரம்பை ஒட்டிக் கொண்டுவந்துவிடுகிறது, அதன் தலையில் இன்னொரு 12 லோடை ஏற்றியதுதான் தப்பு. பழத்தைக் காலை 11 மணிக்கோ மாலையிலோ தனியாகக் கொடுத்தோம். சாப்பாட்டோடுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், சாதத்தில் ஒரு கரண்டியைக் குறைத்துவிட்டுக் கொடுக்கலாம்.

படி 6: மீட்டரில் பாருங்கள்

கணக்கெல்லாம் சராசரிக்குத்தான், உங்கள் வீட்டு ஆளின் உடம்புக்கு மீட்டர்தான் சாட்சி. சாப்பிடுமுன் ஒரு தடவை, ஒரு மணி நேரத்தில் ஒரு தடவை, இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை. பழம் சீக்கிரம் ஏற்றிச் சீக்கிரம் இறங்கும், இரண்டாவது மணி நேரத்தை மட்டும் பார்த்தால் உச்சத்தைத் தவறவிடுவீர்கள்.

முதல் நாளே நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா தானே மாம்பழத்தை உரித்துச் சாப்பிட்டார், ஒரு மணி நேரம் கழித்து ஊசி குத்திப் பார்த்தால் 243. வீடே பதறியது. அம்மாதான் "கையைக் கழுவினீங்களா?" என்று கேட்டார். கழுவித் துடைத்துவிட்டு வேறு விரலில் பார்த்தால் 149. விரலில் ஒட்டியிருந்த மாம்பழச் சாற்றைத்தான் மீட்டர் அளந்திருக்கிறது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது இதற்குப் போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும்.

செவ்வாழைக்கு எங்களுக்கு வந்தது இது. லேசாக மட்டும் அமுங்கும் பதத்தில் 60 கிராம்: 118, ஒரு மணியில் 153, இரண்டு மணியில் 127. குழைந்த பதத்தில் அதே 60 கிராம்: 115, 174, 139. ஒன்று 35 ஏற்றியது, இன்னொன்று 59. மீட்டரே 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம் என்பதால் ஒரே நாளை வைத்து முடிவு செய்யவில்லை, வேறு இரண்டு நாள்களிலும் பார்த்தோம், வித்தியாசம் அதே பக்கம்தான் இருந்தது. பொதுவாகச் சாப்பிட்ட ஒன்று இரண்டு மணி நேரத்தில் 180க்குக் கீழே இருக்கட்டும் என்பார்கள், உங்கள் டாக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப் விலைக்கு எல்லாப் பழத்தையும் சோதிக்க முடியாது, அடிக்கடி சாப்பிடும் மூன்று பழங்களுக்குச் செய்தால் போதும்.

இந்த முறை பொருந்தாத இடங்கள்

இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவருக்குச் சுகர் 70க்குக் கீழே இறங்கிவிட்டால் இந்தக் கணக்கைத் தலைகீழாக்க வேண்டும். அப்போது கொய்யா கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது, 15 கிராம் அளவுக்கு குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரைத் தண்ணீரோ உடனே கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவருக்கு லோடு குறைவு என்பது மட்டும் போதாது. வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது, அளவை டாக்டரிடம் கேட்க வேண்டும். நட்சத்திரப் பழம் அவர்களுக்கு விஷம் போல, தொடவே கூடாது.

அப்புறம், வாங்கும் விஷயம். ஒரு சீப்பு செவ்வாழை வாங்கினால் எல்லாம் ஒன்றாகப் பழுத்துவிடும், அதனால் பாதி காய்ப்பதத்தில் இரண்டு பழம், இன்று சாப்பிடும் பதத்தில் இரண்டு பழம் என்று கடைக்காரரிடம் தனியாக உதிர்த்து வாங்குகிறேன், அவர் முறைக்கிறார், கொடுத்துவிடுகிறார். வேண்டிய பதம் வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்தால் பழுப்பது குறைந்துவிடும். தோல் மட்டும் கறுக்கும், உள்ளே கெட்டியாகத்தான் இருக்கும். அப்பா அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு, "இது கனிந்துபோச்சு, நீயே சாப்பிடு" என்று என் பக்கம் தள்ளுகிறார். உரித்துக் காட்டினால்தான் நம்புகிறார்.