நீண்ட விவாதப் பதிவைச் சுருக்கும்போது நடுப்பகுதி தொலையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

இந்திய அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை நடந்தது. அதன் எழுத்துப் பதிவை இன்று எவரும் இணையத்தில் படிக்கலாம். அதை ஒரு பத்தியாகச் சுருக்கும் பயிற்சியைப் புதியவர்களுக்குக் கொடுத்தால், பெரும்பாலும் இவ்வகைச் சுருக்கமே கிடைக்கும்:

“ஆட்சிமொழி பற்றிய பகுதியை என். கோபாலசாமி ஐயங்கார் ஒரு சமரச ஏற்பாடாக முன்வைத்தார். உறுப்பினர்கள் சிலர் ஆதரித்தும் சிலர் எதிர்த்தும் பேசினர். இறுதியில் ஏற்பாடு ஏற்கப்பட்டது. இது நாட்டை இணைக்கும் என்று தலைவர் ராஜேந்திர பிரசாத் மகிழ்ச்சி தெரிவித்தார்.”

இதில் பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மூன்று நாள் விவாதம் இதில் இல்லை. முதலில் பேசியவரும் கடைசியில் பேசியவரும் பெயரோடும் கருத்தோடும் நிற்க, இடையில் பேசியவர்கள் அனைவரும் ‘சிலர்’ ஆகிவிட்டார்கள். “சிலர் ஆதரித்தும் சிலர் எதிர்த்தும்” என்ற தொடரை உங்கள் சுருக்கத்தில் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். நடுப்பகுதி அந்தத் தொடருக்குள்தான் புதைந்திருக்கும்.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று நினைவு. சொற்பட்டியலைக் கேட்டவர்கள், முதலிலும் கடைசியிலும் வந்த சொற்களை நடுவில் வந்தவற்றைவிட அதிகமாக நினைவுகூர்கிறார்கள் என்பதை உளவியலாளர் பென்னட் முர்டாக் 1962இல் வெளியிட்ட சோதனைகள் தெளிவாகக் காட்டின. பதிவு கண்முன்னே இருந்தாலும், எதைத் திரும்பிப் பார்ப்பது என்பதை நினைவுதான் தீர்மானிக்கிறது. இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது: முதல் பேச்சாளர் வகுத்த கேள்விகளையே நாம் விவாதத்தின் கேள்விகளாக எடுத்துக்கொள்கிறோம். அவருக்குப் பின் பேசிய ஒவ்வொருவரையும் அவருக்கு ஆதரவா எதிர்ப்பா என்று மட்டும் பார்க்கிறோம். அவர் எழுப்பாத கேள்வியை வேறொருவர் எழுப்பினால், அதை வைப்பதற்கு நம் குறிப்பேட்டில் இடமே இருப்பதில்லை.

படி 1: பதிவைத் துண்டுகளாகப் பிரியுங்கள்

சுருக்கத்தை எழுதத் தொடங்குவதற்கு முன், பக்கக் கணக்கில் ஏறக்குறைய சமமான பத்துத் துண்டுகளாகப் பதிவைப் பிரித்து, 1 முதல் 10 வரை எண்ணிடுங்கள். பேச்சின் நடுவே வெட்டு விழுந்தால் அந்தப் பேச்சு முடியும் இடத்துக்கு அதை நகர்த்துங்கள். பிறகு ஒருமுறை வேகமாகப் படித்து, யார் யார் பேசினார்கள், எந்தத் தீர்மானம் மேசையில் இருந்தது என்பதை மட்டும் குறியுங்கள்.

முதல் பேச்சாளர் யார் என்பதையும் இப்போதே உறுதிசெய்யுங்கள். நம் பதிவில் முதலில் பேசுபவர் தலைவர் ராஜேந்திர பிரசாத். ஆனால் அவர் விவாதத்தை நடத்தும் முறை பற்றிப் பேசுகிறார். விவாதத்தின் சட்டகத்தை வகுத்தவர் தீர்மானத்தை முன்மொழிந்த ஐயங்கார். நாம் எச்சரிக்கையோடு அணுக வேண்டிய ‘முதல் குரல்’ அவருடையதுதான்.

படி 2: குறிப்பை நடுவிலிருந்து எடுங்கள்

விரிவான குறிப்பை 5ஆம் துண்டில் தொடங்கி 8 வரை சென்று, பின்னர் 2, 3, 4 ஆகியவற்றுக்கு வாருங்கள். 1, 9, 10 ஆகியவை கடைசியில் வரட்டும். கவனம் களைக்காமல் இருக்கும் நேரம் இதனால் நடுப்பகுதிக்குக் கிடைக்கிறது. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு தாளில் நான்கே செய்திகளை எழுதுங்கள்: பேசியவர், அவர் கேட்டது, அதற்கு அவர் சொன்ன காரணம், துண்டு எண். காரணத்தை விட்டுவிடாதீர்கள். ‘எதிர்த்தார்’ என்று மட்டும் எழுதிய தாள் சுருக்கும் வேளையில் ‘சிலர்’ என்ற சொல்லுக்குள் கரைந்துவிடும்.

இப்படிப் படிக்கும்போது, ஐயங்காரின் சட்டகத்துக்குள் அடங்காத குரல்கள் உடனே கண்ணில் படும். லட்சுமி காந்த மைத்ரா சமஸ்கிருதம் ஆட்சிமொழியாக வேண்டும் என்கிறார். ஆர். வி. துலேகருக்கு இந்தி ஆட்சிமொழி ஆவது போதவில்லை. அது தேசிய மொழி என்று அறிவிக்கப்பட வேண்டும். ஜெய்பால் சிங் முண்டாரி, கோண்டி, ஓராவோன் ஆகிய ஆதிவாசி மொழிகளை அரசமைப்பின் மொழிப் பட்டியலான அட்டவணையில் சேர்க்கக் கோருகிறார். டி. ஏ. ராமலிங்கம் செட்டியாரோ தெற்கிலிருந்து வந்தவர் என்ற நிலையில் நின்று, இந்தியைப் பேசுவோர் எண்ணிக்கை மிகுதி என்பதற்காகத்தான் அதை ஏற்க வேண்டியிருக்கிறது என்றும், தென்னகத்துக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி என்றும் சொல்கிறார். அவரை ‘ஆதரவு’ என்ற பெட்டியிலும் போட முடியாது, ‘எதிர்ப்பு’ என்ற பெட்டியிலும் போட முடியாது. இத்தகைய பேச்சைத்தான் முதல் பேச்சாளர் சாய்வு முதலில் விழுங்குகிறது.

படி 3: தாள்களைக் கேள்விவாரியாக அடுக்குங்கள்

பேசிய வரிசையைக் கலைத்துவிட்டு, ஒரே கேள்விக்கு விடை சொல்லும் தாள்களை ஒன்றாக வையுங்கள். கேள்விகளை உங்கள் சொற்களில் எழுதுங்கள்: எந்த மொழி? எண்கள் எந்த வடிவில்? ஆங்கிலம் எத்தனை ஆண்டு? பிற மொழிகளின் நிலை என்ன? முன்மொழிந்தவரின் சொற்களையே தலைப்பாக வைத்தால் சட்டகம் மீண்டும் அவருடையதாகிவிடும். ஒரே கருத்தைப் பலர் சொல்லியிருந்தால் ஒரு வாக்கியம் போதும், ஆனால் பலர் சொன்னார்கள் என்பது அதில் தெரிய வேண்டும்.

படி 4: எழுதி, துண்டு எண்ணை இட்டுச் சரிபாருங்கள்

இவ்வாறு அடுக்கிய பின் எழுதும் சுருக்கம் ஏறத்தாழ இப்படி அமையும்:

“ஐயங்கார் முன்வைத்த சமரச ஏற்பாட்டில் மொழி, எண் வடிவம், ஆங்கிலம் தொடரும் காலம் ஆகியவை விவாதிக்கப்பட்டன. இந்தியைத் தேசிய மொழியாக்க வேண்டும் என்றார் துலேகர். மைத்ரா சமஸ்கிருதத்தை முன்மொழிந்தார். எண்ணிக்கை காரணமாகவே இந்தியை ஏற்க வேண்டியிருக்கிறது, தெற்கிற்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி என்றார் ராமலிங்கம் செட்டியார். ஆதிவாசி மொழிகளைச் சேர்க்குமாறு ஜெய்பால் சிங் விடுத்த கோரிக்கை நிறைவேறவில்லை. தேவநாகரி எழுத்தில் இந்தி, பன்னாட்டு வடிவ எண்கள், 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலம் என்று செப்டம்பர் 14இல் முடிவாயிற்று.”

ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அது எந்தத் துண்டிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். பாதிக்கு மேற்பட்ட வாக்கியங்கள் 1, 10 ஆகிய எண்களையே காட்டினால் சாய்வு இருக்கக்கூடும். பின்னர் அந்த இரு எண்கள் உள்ள வாக்கியங்களைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். எதைப் பற்றி, ஏன் வாதிட்டார்கள் என்பது அப்போதும் புரிய வேண்டும். மேலே முதலில் தந்த சுருக்கத்தில் இதைச் செய்தால் ‘சிலர்’ வாக்கியம் மட்டுமே எஞ்சும்.

இந்த எண்ணிக்கையை விதியாகப் பிடித்துக்கொண்டு பத்துத் துண்டுகளுக்கும் சமமான இடம் கொடுப்பதும் தவறு. முடிவு கடைசியில்தான் எடுக்கப்படுகிறது. அதற்கு இடம் தருவது, கடைசியில் வந்ததற்கே அதிக எடை தரும் அண்மைச் சாய்வு ஆகாது. கடைசித் துண்டிலுள்ள முடிவையும் கடைசித் துண்டிலுள்ள உணர்ச்சியையும் பிரித்துப் பாருங்கள்: 15 ஆண்டு ஏற்பாடு முடிவு, தலைவரின் மகிழ்ச்சி நிறைவுரை. ஒருவர் முன்பு சொன்னதைப் பின்னர் கைவிட்டால் பிந்தியதே அவருடைய நிலைப்பாடு. அங்கே வரிசையைக் கலைப்பது பொருளைக் கெடுக்கும். அத்தகைய தாள்களை மட்டும் நேர வரிசையில் சேர்த்துப் பிணைத்து வையுங்கள்.

இருபது சொற்களே அனுமதி என்றால் எதிர்க்கருத்துகளுக்கு இடம் கிடைக்காது. அப்போது முடிவை மட்டும் எழுதி, தலைப்பில் ‘விவாதச் சுருக்கம்’ என்று போடாமல் ‘எடுக்கப்பட்ட முடிவு’ என்று போடுங்கள்.