‘யெஸ்டர்டே’ வந்தால் ‘ஹேவ்’ ஏன் உறுத்துகிறது?

“போன வாரமே பணம் கட்டியிருக்கேன் சார்.” இந்தத் தமிழ் வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. இதையே அப்படியே ஆங்கிலமாக்கி “ஐ ஹேவ் பெய்ட் த ஃபீ லாஸ்ட் வீக்” என்று எழுதினால் தவறாகிவிடுகிறது. ‘கட்டியிருக்கிறேன்’ என்ற வடிவம் நேற்று, போன வாரம் போன்ற சொற்களோடு தமிழில் இயல்பாக வரும். ஜெர்மனும் பிரெஞ்சும்கூட இதை ஏற்கும். ஆங்கிலம் ஏற்காது.

ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ நிகழ்கால வினை. ‘ஐ ஹேவ் பெய்ட்’ என்பவர் இன்றைய நிலையைச் சொல்கிறார்: பணம் கட்டியாகிவிட்டது, இப்போது பாக்கி இல்லை. என்றைக்குக் கட்டினார் என்பது அந்த வாக்கியத்தின் பேச்சே அல்ல. ‘லாஸ்ட் வீக்’ என்று சேர்த்ததும், முடிந்துபோன ஒரு காலத்துக்குள் அந்தச் செயலைக் கொண்டுபோய் வைக்கிறோம். வினை இன்றைக் காட்ட, காலச்சொல் போன வாரத்தைக் காட்ட, கேட்பவருக்கு இரண்டும் மோதுகின்றன. ‘எப்போது’ என்று கேட்கும் ‘வென் ஹேவ் யூ பெய்ட்?’ தவறாவதும் இதனால்தான். ‘வென் டிட் யூ பே?’ என்றே கேட்க வேண்டும்.

அலுவலக மெயிலில் அடிக்கடி வரும் மூன்று வாக்கியங்களைப் பார்ப்போம்: “ஐ ஹேவ் பெய்ட் த ஃபீ லாஸ்ட் வீக். ஐ ஹேவ் ரிட்டன் டு யுவர் ஆஃபீஸ் யெஸ்டர்டே. ஐ ஹேவ் நாட் ரிஸீவ்ட் த ரிசீட் யெட்.”

முதல் வாக்கியத்தில் தேதி முக்கியம். தாமதமாகக் கட்டவில்லை என்று காட்ட வேண்டும். ஆகவே காலச்சொல்லை வைத்துக்கொண்டு ‘ஹேவ்’ஐ எடுத்துவிடுங்கள்: ‘ஐ பெய்ட் த ஃபீ லாஸ்ட் வீக்.’ இரண்டாவதில் ‘ஹேவ்’ஐ மட்டும் எடுத்தால் ‘ஐ ரிட்டன்’ என்று நிற்கும், அதுவும் பிழை. ‘ரைட், ரோட், ரிட்டன்’ வரிசையில் நடுவில் உள்ள ‘ரோட்’தான் வர வேண்டும்: ‘ஐ ரோட் டு யுவர் ஆஃபீஸ் யெஸ்டர்டே.’ நேற்று என்பது முக்கியமில்லை, எழுதியாகிவிட்டது என்று தெரிந்தால் போதும் என்றால், ‘யெஸ்டர்டே’யை எடுத்துவிட்டு ‘ஐ ஹேவ் ரிட்டன் டு யுவர் ஆஃபீஸ்’ என்று விடலாம். மூன்றாவது வாக்கியம் சரியானது. ரசீது இன்னும் வரவில்லை, காத்திருப்பு தொடர்கிறது. அங்கே ‘ஹேவ்’தான் வேண்டும்.

இந்தத் திருத்தத்தில் நம்மவர்கள் விழும் இன்னொரு பள்ளம் உண்டு. ‘ஹேவ்’ தவறு என்று தெரிந்ததும் ‘ஹேட்’ போட்டு ‘ஐ ஹேட் பெய்ட் லாஸ்ட் வீக்’ என்று எழுதுவார்கள். ‘கட்டியிருந்தேன்’ என்பதன் நிழல் அது. இறந்தகாலத்தில் வேறொரு நிகழ்ச்சி இருந்து, அதற்கும் முன்னால் நடந்ததைச் சொல்லும்போதுதான் ‘ஹேட்’ பொருந்தும்: ‘வென் ஹீ கால்ட், ஐ ஹேட் பெய்ட்’ என்றால், அவர் கூப்பிடுவதற்கு முன்பே கட்டியாகிவிட்டது. அப்படி ஒரு நிகழ்ச்சி எதுவும் பேச்சில் இல்லாதபோது ‘ஹேட்’ போட்டால், கேட்பவர் ‘அப்புறம் என்ன ஆயிற்று?’ என்று காத்திருப்பார்.

எதிர்மறையில் தமிழ் நமக்கு உதவாது. ‘வரவில்லை’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. நேற்று வரவில்லை என்றால் ‘ஹீ டிட் நாட் கம் யெஸ்டர்டே’. இன்னும் வரவில்லை என்றால் ‘ஹீ ஹேஸ் நாட் கம் யெட்’. ‘டிட்’ வந்தபின் வினை முதல் வடிவத்திலேயே இருக்கட்டும். ‘டிட் நாட் கேம்’ கூடாது.

அதற்காக ‘யெஸ்டர்டே’யைக் கண்டதும் ‘ஹேவ்’ஐ வெட்டிவிடாதீர்கள். முன்னால் ‘சின்ஸ்’ இருந்தால் நேற்று தொடங்கி இன்றுவரை நீளும் காலம் அது. ‘ஐ ஹேவ் பீன் இல் சின்ஸ் யெஸ்டர்டே’ சரி. ‘திஸ் வீக்’ வந்தாலும் சரி, வாரம் இன்னும் முடியவில்லை. ‘திஸ் மார்னிங்’ என்பதில் மணி பார்க்க வேண்டியிருக்கும்: காலை பத்து மணிக்கு ‘ஐ ஹேவ் ஸீன் ஹிம் திஸ் மார்னிங்’ பொருந்தும், மாலையில் ‘ஐ ஸா ஹிம் திஸ் மார்னிங்’ என்பதே இயல்பு.

‘ஹீ மஸ்ட் ஹேவ் லெஃப்ட் யெஸ்டர்டே’ என்பதும் சரியான வாக்கியமே. ‘நேற்றே கிளம்பியிருக்க வேண்டும்’ என்று ஊகிக்கிறோம். ‘மஸ்ட்’டுக்குப் பின்னால் இறந்தகால வடிவம் வர முடியாது, ‘மஸ்ட் லெஃப்ட்’ என்று சொல்ல வழியில்லை. அதனால் அங்கே ‘ஹேவ்’ இறந்தகாலத்தைக் காட்டும் வேலையைச் செய்கிறது, நிகழ்காலத்தை அல்ல. ‘மே ஹேவ்’, ‘ஷுட் ஹேவ்’ ஆகியவற்றுக்கும் இதுவே. அவற்றில் கை வைக்க வேண்டாம்.