அரிசியின் எடையா, சோற்றின் எடையா? உணவுச் செயலியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தட்டில் இருக்கும் 210 கிராம் சோற்றை எடை போட்டு, செயலியில் "அரிசி" என்று தேடி, முதலில் வந்த பதிவைத் தட்டினால் 750 கலோரிக்கு மேல் காட்டக்கூடும். உண்மையில் அந்தச் சோற்றில் இருப்பது ஏறத்தாழ 270 தான். தராசில் பிழை இல்லை. எடை போட்டது சோற்றை, தேர்ந்தெடுத்தது சமைக்காத அரிசியை.

100 கிராம் வெள்ளை அரிசி வெந்தால் பெரும்பாலும் 250 முதல் 300 கிராம் வரை சோறாகும். கூடியது தண்ணீரின் எடை மட்டுமே, கலோரி கூடவில்லை. அதனால்தான் 100 கிராமுக்கு அரிசியில் சுமார் 360 கலோரியும் சோற்றில் சுமார் 130 கலோரியும் இருக்கின்றன. செயலியில் உள்ள பதிவு பச்சையா வெந்ததா என்று பெயரில் இல்லாவிட்டால் இந்த எண்ணை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். 100 கிராமுக்கு 340-ஐத் தாண்டினால் அது அரிசி, 130-ஐ ஒட்டி இருந்தால் சோறு. பாக்கெட்டின் பின்புறம் அச்சிட்டிருப்பது, வேறு குறிப்பு இல்லாத வரை, பாக்கெட்டுக்குள் இருக்கும் நிலையில் உள்ள பொருளுக்கானது. பார்கோடை ஸ்கேன் செய்து வரும் பதிவும் அப்படித்தான்.

வெந்த எடைக்கு வெந்த பதிவு என்று பொருத்தினால் போதுமே என்று தோன்றும். சோற்றுக்கு ஓரளவு போதும். குழைந்த சோற்றிலும் உதிரியான சோற்றிலும் தண்ணீர் ஒரே அளவு இல்லை என்பதால் அங்கேயும் சற்று விலகும். வீட்டில் சமைக்கும்போது நம்பகமான வழி, பச்சை எடையையும் பாத்திரத்தில் வெந்த மொத்த எடையையும் குறித்துக்கொள்வது. 300 கிராம் அரிசி போட்டதாக வைத்துக்கொள்வோம். காலிப் பாத்திரம் 640 கிராம், வெந்த பின் பாத்திரத்தோடு 1,480 கிராம் என்றால் சோறு 840 கிராம். 840-ஐ 300-ஆல் வகுத்தால் 2.8. தட்டில் உள்ள 210 கிராமை அந்த 2.8-ஆல் வகுத்தால் 75 கிராம் அரிசி. செயலியில் இதைத்தான் அரிசிப் பதிவில் எழுத வேண்டும். அரிசியை ஊறவைக்கும் முன்பே எடை போடுங்கள். ஊறிய அரிசியின் எடையில் தண்ணீரும் சேர்ந்திருக்கும். காலிப் பாத்திரத்தின் எடையை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் தினமும் தேடித் திண்டாட வேண்டாம்.

பருப்பில்தான் பொதுவான "வெந்த பருப்பு" பதிவு அதிகம் ஏமாற்றும். அந்தப் பதிவுகள் 100 கிராமுக்கு 115 கலோரி அளவில் இருக்கும்; கெட்டியாக வெந்து, நீர் வடித்த பருப்புக்கு அது சரி. 150 கிராம் துவரம்பருப்பை நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து மொத்தம் 900 கிராம் வந்தால், 180 கிராம் கிண்ணத்தில் இருப்பது 30 கிராம் பருப்பு. சுமார் 100 கலோரி, 6 அல்லது 7 கிராம் புரதம். பொதுப் பதிவோ 200 கலோரிக்கு மேல் காட்டும். மறுநாள் தண்ணீர் குறைந்தால் கணக்கும் மாறும், ஆகவே ஒவ்வொரு முறையும் மொத்த எடை பார்த்தே ஆக வேண்டும். பருப்பு அடியில் தங்கும் என்பதால் நன்றாகக் கலக்கிவிட்டுப் பரிமாறுங்கள். எண்ணெயோ நெய்யோ சேர்த்தால் அதைத் தனியாகப் பதிய வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டுமே சுமார் 240 கலோரி.

செயலியில் சமையல் குறிப்பு உருவாக்கும் வசதி இருந்தால், பச்சைப் பொருள்களை எல்லாம் அதில் எழுதி, பரிமாறல் எண்ணிக்கையில் வெந்த மொத்த கிராமையே, அதாவது 900 என்று, கொடுத்துவிடலாம். பிறகு 180 கிராம் சாப்பிட்டால் 180 பரிமாறல். வகுத்தல் வேலையே இல்லை.

இறைச்சியில் கதை தலைகீழ். வேகும்போது நீர் வெளியேறி எடை குறையும். எலும்பு, தோல் இல்லாத 500 கிராம் கோழி நெஞ்சுக்கறி வெந்ததும் 375 கிராம் ஆனால், சாப்பிட்ட 150 கிராம் என்பது 200 கிராம் பச்சைக் கறி. சுமார் 45 கிராம் புரதம். 150 கிராமைப் பச்சைப் பதிவில் எழுதினால் 34 கிராம்தான் காட்டும். இங்கே பதிவை அடையாளம் காணப் புரதத்தைப் பாருங்கள்: 100 கிராமுக்கு 22 அளவில் இருந்தால் பச்சை, 30-ஐ நெருங்கினால் வெந்தது. உறைந்த கறியை முழுதாக உருக வைத்து, நீரை வடித்த பிறகே எடை போட வேண்டும்.

எலும்போடு சமைத்தால், பரிமாறிய துண்டுகளை எடை போட்டு, சாப்பிட்டபின் எலும்பின் எடையைக் கழித்து, வெந்த கறிப் பதிவில் எழுதுவதே எளிது. கொழுப்பு மிகுந்த கறியில் உருகிய கொழுப்பைக் கொட்டிவிட்டால் பச்சைக் கணக்கு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்; அங்கேயும் வெந்த பதிவே உண்மைக்கு நெருக்கம். அந்தக் கொழுப்பு குழம்பிலேயே தங்கி நீங்கள் அதையும் சாப்பிட்டால், பச்சை எடையை விட்டுவிடாதீர்கள்.