செக் கேஸில் ‘அவர்தானே நிரூபிக்கோணும்’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள்

“கிரிமினல் கேஸ்தானுங்க, கடன் கொடுத்ததை அவர்தானே நிரூபிக்கோணும்?” பல்லடம், சோமனூர் பக்கம் செக் கேஸ் நோட்டீஸ் வாங்கிய விசைத்தறிக்காரர்கள் பலர் இப்படிக் கேட்பார்கள். கொலை, திருட்டு வழக்கென்றால் அது சரி. நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. ஆனால் செக் திரும்பிய வழக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138வது பிரிவில் வருகிறது. செக்கில் இருப்பது உங்கள் கையெழுத்து என்று ஆகிவிட்டால், அது கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானித்தே ஆகவேண்டும் என்கிறது 139வது பிரிவு. அதை உடைப்பது உங்கள் பொறுப்பு.

ஓர் உதாரணம். தறிக்காரர் ஒருவர் பைனான்ஸில் 2 லட்சம் வாங்கும்போது கையெழுத்து மட்டும் போட்ட வெத்து செக்கைக் கொடுக்கிறார். கடனை அடைத்தபின் செக்கைத் திரும்ப வாங்கவில்லை. பிறகு அதே செக்கில் 8 லட்சம் எழுதி வங்கியில் போடுகிறார்கள். பணமில்லாமல் செக் திரும்ப, தறிக்காரருக்கு நோட்டீஸ் வருகிறது.

இங்கே முதல் தவறு, நோட்டீஸுக்குப் பதில் போடாமல் விடுவது. பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு. பதிலும் அதற்குள் போய்விடுவது நல்லது. முதல் முறையாகச் சாட்சிக் கூண்டில் சொல்லும் கதை பிற்பாடு யோசித்துச் சொன்னதாகத்தான் தெரியும்.

அடுத்தது, “எழுத்து என்னுடையது அல்ல” என்பதையே நம்பியிருப்பது. கையெழுத்திட்டு மனமொத்துக் கொடுத்த வெத்து செக்குக்கும் அனுமானம் பொருந்தும் என்று 2019இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பயத்தில் கையெழுத்தையே மறுப்பது இன்னும் மோசம். அது உங்களுடையதுதான் என்று தெரிந்துவிட்டால் நீங்கள் சொல்லும் மற்றதையும் யார் நம்புவார்கள்?

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: கடனே இல்லை என்று நூற்றுக்கு நூறு நிரூபிக்கவேண்டுமோ என்று சோர்ந்துபோவது. அவ்வளவு தேவையில்லை. சிவில் வழக்கைப்போல, உங்கள் பக்கம்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். 2010இல் ரங்கப்பா வழக்கில் சொன்னது இதைத்தான். நீங்கள் கூண்டேறக்கூட வேண்டியதில்லை. எதிராளியின் குறுக்கு விசாரணையிலிருந்தே அதை எடுக்கலாம். 8 லட்சம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது, வருமான வரிக் கணக்கில் காட்டியிருக்கிறாரா, எந்தத் தேதியில், யார் முன்னால் கொடுத்தார் என்று கேட்கவேண்டும். கூடவே, அடைத்த தொகைக்கான வங்கிக் கணக்கு விவரத்தைத் தாக்கல் செய்யவேண்டும். பதில்கள் தடுமாறினால் சுமை திரும்ப அவர் தலைக்கே போய்விடும். வெறும் மறுப்பு மட்டும் இருந்தால் போகாது.

விடுதலையாகிவிட்டோம் என்று ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புரோநோட்டிலும் கையெழுத்து வாங்கியிருந்தால் சிவில் கோர்ட்டில் தனி வழக்கு வரலாம். அங்கே அதே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118வது பிரிவின்படி, பணம் கைமாறியே நோட்டு எழுதப்பட்டது என்ற அனுமானம் மறுபடியும் எதிராளி பக்கம் இருக்கும்.