பெயின்டருக்குக் கலர் எழுதி அனுப்பும்போது செய்யும் தவறுகள்

வீடு கும்பகோணத்தில், வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. வேலை நடக்கும்போது கூட நிற்க முடியாது, அதனால் எந்த அறைக்கு என்ன கலர் என்று பெயின்டருக்கு எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சீட்டைப் பெயின்டர் எடுத்துக்கொண்டு வந்து நிற்பது எங்கள் கடை கவுண்டரில்தான். அப்படி வருகிறவற்றில் அதிகம் பார்க்கிற வரி இது: "ஹாலுக்கு சந்தனக் கலர், லைட்டா, பார்க்க டீசன்ட்டா இருக்கணும்." எழுதியவர் மனதில் ஒரு நிறம் தெளிவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஷேட் கார்டைப் பிரித்தால் சந்தனம் என்று சொல்லத்தக்கது வெள்ளையை ஒட்டிய க்ரீமில் தொடங்கி காவியை ஒட்டிய பழுப்பு வரைக்கும் வரிசையாக இருக்கிறது. பெயின்டர் தனக்குத் தெரிந்த சந்தனத்தைத் தொடுவார், டின்ட்டிங் மெஷின் அதைக் கலந்து கொடுத்துவிடும், கலந்த டப்பாவைத் திருப்பி எடுக்க எந்தக் கடையாலும் முடியாது.

பொருளைச் சொல்லி நிறத்தை விளக்குவது நல்ல வழிதான், அதை விட்டுவிட வேண்டாம். பொருளின் பெயரோடு நிறுத்திக்கொள்வதுதான் முதல் தவறு. சந்தனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லில் உரசி எடுத்த உடனே ஈரத்தோடு இருக்கும்போது அது ஒரு நிறம், கையில் பூசிக் காய்ந்த பிறகு நன்றாக வெளிறிப்போய் வேறொரு நிறம். கடையில் வில்லையாகவும் பொடியாகவும் விற்பதில் பலவற்றில் மஞ்சள் தூக்கலாக இருக்கும், அது மூன்றாவது. ஒருவர் பூஜை அறைக் கல்லை நினைத்து எழுதுகிறார், இன்னொருவர் கல்யாண வாசலில் வைக்கிற கிண்ணத்தை நினைத்துப் படிக்கிறார். நெய்யும் இதே கதைதான், உருகியதா உறைந்ததா, பசுவா எருமையா என்பதில் நிறம் மாறிவிடும். காபி என்று எழுதினால் பால் எவ்வளவு என்ற கேள்வி வந்துவிடும். ஆகவே ஈரமா காய்ந்ததா, பச்சையா வறுத்ததா, வெளித்தோலா உள்பக்கமா என்று பொருளின் நிலையையும் சேர்த்து எழுதுங்கள். கூட நான்கு வார்த்தைதான் ஆகும்.

அடுத்தது, சுவரில் வரவே முடியாத பொருளைக் கேட்பது. வாழைக்குருத்துப் பச்சை வேண்டும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். குருத்தை மரத்தில் பார்க்கும்போது வெயில் அதற்குள் ஊடுருவி வருகிறது, நம் கண்ணுக்குப் பிடித்துப்போவது அந்த ஒளிர்வுதான். சுவருக்குப் பின்னால் வெயில் கிடையாது. அதே குருத்தை நறுக்கி மேசையில் வைத்துப் பாருங்கள், நிறம் இறங்கியிருக்கும், பெயின்டில் வரக்கூடியது அதுதான். மயில்கழுத்துப் பட்டு இன்னும் சிக்கல். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம் என்று நெய்ததால்தான் அது திரும்பத் திரும்ப நீலமும் பச்சையுமாக மின்னுகிறது. ஒரு டப்பா எமல்ஷனில் ஒரே நிறம்தான் இருக்கும், எனவே அந்தப் புடவையில் நீலத்தைக் கேட்கிறீர்களா பச்சையைக் கேட்கிறீர்களா என்று எழுதிவிடுங்கள்.

ஒப்பிட நல்ல பொருள் எது என்றால், பளபளப்பில்லாமல், ஒளி ஊடுருவாமல், எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிற, பெயின்டர் கையில் எடுத்து ஷேட் கார்டுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய பொருள். என்னைக் கேட்டால் மாவுதான் முதலில். கோதுமை மாவு, கடலை மாவு, கேழ்வரகு மாவு, அரிசி மாவு. ஒரு வெள்ளைத் தாளில் கொட்டித் தட்டையாக அழுத்தினால் மேட் ஃபினிஷ் சுவர் போலவே நிற்கும். பிளாஸ்டிக் கவரோடு வைத்துப் பார்க்கக் கூடாது, கவரின் பளபளப்பு நிறத்தை மாற்றிக் காட்டும். முக்கியமாக, ஒரே பொருளை எழுதாமல் இரண்டை எழுதுங்கள், அதாவது எது வரைக்கும் போகலாம், எதைத் தொடக் கூடாது என்று. காய்ந்த சந்தனத்தைக் கேட்கிற ஒருவர், "கோதுமை மாவை விடக் கொஞ்சம் அடர்த்தி, ஆனால் கடலை மாவின் மஞ்சளுக்குப் போகக் கூடாது" என்று எழுதினால் ஷேட் கார்டில் தேட வேண்டிய இடம் இரண்டு மூன்று சதுரங்களாகச் சுருங்கிவிடும்.

இனி அந்த "லைட்டா". அதிகமாகத் தொல்லை கொடுக்கிற வார்த்தை இதுதான். வீட்டுக்காரர் லைட் என்று எழுதும்போது பாதி நேரம் அவர் சொல்ல வருவது, கண்ணைப் பறிக்காமல் அடக்கமாக இருக்கட்டும் என்பது. பெயின்டருக்கு லைட் என்றால் வெள்ளையைச் சேர்ப்பது. மஞ்சளில் வெள்ளையை எவ்வளவு சேர்த்தாலும் வெளிர் மஞ்சள்தான் வரும், சந்தனம் வராது, ஏனென்றால் சந்தனத்தில் கொஞ்சம் பழுப்பும் மங்கலும் இருக்கிறது. வெளிறுவது வேறு, மங்குவது வேறு, இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வெள்ளை எமல்ஷனில் ஸ்டெயினர் என்கிற நிறச்சாயத்தை விட்டுக் கையால் கலக்கிறவர்கள், மங்க வைப்பதற்காக மஞ்சளில் ஒரு சொட்டுக் கறுப்பு விடுவார்கள். மஞ்சளில் கறுப்பு விழுந்தால் அது பச்சைப் பக்கம் சாயும். டப்பாவில் அவ்வளவாகத் தெரியாது, சுவர் முழுக்க அடித்த பிறகு பாசி படிந்த மாதிரி ஒரு சாயல் தெரியும். மங்க வைக்கக் காவியோ பழுப்போ சேர்ப்பதுதான் சரி. நீங்கள் கலக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், "பச்சைச் சாயல் அடிக்கக் கூடாது, சாய்ந்தால் லேசாகச் சிவப்புப் பக்கம் சாயலாம்" என்று எழுதினாலே அனுபவமுள்ளவர் புரிந்துகொள்வார்.

நிறத்தை எழுதிவிட்டு அறையை எழுதாமல் விடுவதும் தவறுதான், எழுதுகிறவர்களே குறைவு. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருந்தால் உள்ளே வரும் வெளிச்சமே இலை நிறத்தில் கொஞ்சம் தோய்ந்து வரும். ரெட் ஆக்சைடு தரை இருந்தால் சுவரின் கீழ்ப்பாதியில் சிவப்பு ஏறும். சின்ன அறையில் நாலு சுவருக்கும் ஒரே கலர் அடித்தால், வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் அந்த நிறத்தையே எடுத்துக்கொண்டு போவதால், கார்டில் பார்த்ததை விட அடர்த்தியாகத் தெரியும். அதனால்தான் கார்டில் பிடித்ததை விட ஒரு படி வெளிறியதை எடுக்கச் சொல்வோம். ராத்திரி விளக்கும் அப்படித்தான். 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் வெள்ளை விளக்கில் அடக்கமாகத் தெரியும் சந்தனம், 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் நல்ல மஞ்சளாகிவிடும்.

போட்டோ மட்டும் அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. போனின் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானே சரிசெய்கிறது, பெயின்டரின் போன் திரை இன்னொரு விதமாகக் காட்டுகிறது. படம் அனுப்புங்கள், கூடவே ஒரு வெள்ளைத் தாளையும் அதே படத்தில் வைத்து அனுப்புங்கள், தாள் நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் மற்ற நிறமும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று புரியும். எழுத்துக்குத் துணையாக மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

மேலே சொன்ன ஹால் சீட்டையே மாற்றி எழுதினால் இப்படி வரும்:

"அண்ணே, வணக்கம். ஹாலுக்கு நான் நினைக்கிறது, கல்லில் அரைத்துக் கையில் பூசிக் காய்ந்த சந்தனம். ஈரச் சந்தனம் இல்லை, கடைப் பொடியின் மஞ்சளும் இல்லை. கோதுமை மாவைத் தாளில் அழுத்தி வைத்தால் அதை விட ஒரு படி அடர்த்தி இருக்கலாம், கடலை மாவுப் பக்கம் போகவே கூடாது. பச்சைச் சாயல் வேண்டாம், லேசாகச் சிவப்புச் சாயல் வந்தால் பரவாயில்லை. பளபளப்பு வேண்டாம், மேட் போதும். ஹாலில் ஒரு ஜன்னல்தான், கிழக்கே, வெளியே வேப்பமரம். தரை சிவப்பு. ராத்திரி வெள்ளை டியூப்லைட். நீங்கள் கார்டில் இரண்டு ஷேட் பார்த்து, சின்ன டப்பா வாங்கி, பிரைமர் அடித்த சுவரில் ஜன்னலுக்கு எதிரே ஒரு இடம், ஜன்னல் பக்கச் சுவரில் ஒரு இடம், இரண்டு அடிக்கு இரண்டு அடி, இரண்டு கோட் அடித்துக் காட்டுங்கள். மறுநாள் காலையிலும் ராத்திரியிலும் வீடியோ காலில் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை மொத்தமாக வாங்க வேண்டாம்."

சாம்பிளைப் பற்றி எழுதாமல் முடிக்கிற கடிதம் பாதிக் கடிதம்தான். அதிலும் நடக்கிற தவறு, பழைய நீலச் சுவரின் மேலேயே ஒரு கோட் இழுத்துவிட்டு ஈரம் காயும் முன்னே பார்ப்பது. அடியில் இருக்கும் நீலம் மேலே தெரியும், அது ஒன்று. இன்னொன்று, எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரிந்து காய்ந்ததும் கொஞ்சம் அடர்த்தியாகும், அதிலிருக்கும் பிசின் ஈரத்தில் பால் போல வெள்ளையாக இருந்து காய்ந்ததும் தெளிந்துவிடுவதுதான் காரணம். சுண்ணாம்பு நேர் எதிர், அடிக்கும்போது ஒன்றுமில்லாத மாதிரி இருந்து காயக் காய வெளுக்கும். சுண்ணாம்பில் பழகிய கண்ணோடு பார்த்தால் எமல்ஷனில் ஒரு படி ஏமாந்துவிடுவோம். குறைந்தது ஒரு நாள் காயட்டும். பார்க்கும்போது பக்கத்தில் இருக்கும் பழைய நிறம் கண்ணை இழுக்கும் என்பதால், சாம்பிளைச் சுற்றி வெள்ளைத் தாள் ஒட்டச் சொல்லிப் பாருங்கள்.

பிடித்துவிட்டது என்றால் அதற்கு மேல் சந்தனம் என்ற பேச்சே வேண்டாம், ஷேட் நம்பருக்கு மாறிவிடுங்கள். நம்பரோடு எந்த எமல்ஷன், என்ன ஃபினிஷ் என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் ஒரே நம்பரை விலை குறைந்த ரகத்தில் கலந்தால் சின்ன வித்தியாசம் வரலாம். ஹாலுக்கு வேண்டிய மொத்த லிட்டரையும் ஒரே தடவையில் வாங்கச் சொல்லுங்கள். நாலு டப்பா வந்தால் எல்லாவற்றையும் ஒரு பெரிய டிரம்மில் ஊற்றிக் கலந்துவிட்டு அடிப்பது நல்லது, இல்லாவிட்டால் ஒரு டப்பா முடிந்து அடுத்தது தொடங்கிய இடம் சுவர் நடுவில் கோடாகத் தெரியும். மிச்சம் அரை லிட்டர் இருந்தாலும் மூடியை இறுக்கி, மேலே ஷேட் நம்பரையும் தேதியையும் எழுதி, வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஆணி பிடுங்கிய இடத்துக்குத் தொட்டு வைக்க அதே கலவைதான் வேண்டும்.