மாநாட்டுப் பேச்ச மேற்கோள் கார்டா வெட்டும்போது

விவசாயிங்க மாநாட்டுல பேசுனத கார்டா போடுறவங்களுக்கு ஒரு சின்ன டிப்ஸ். எடுத்த வரில "அது, இவரு, எங்களுக்கு" எல்லாம் எங்கெங்க இருக்குன்னு மொதல்ல பாருங்க, ஹால்ல உக்காந்திருந்தவருக்கு புரியும், போன்ல பாக்குறவருக்கு எத சொல்றாங்கன்னே தெரியாது.

திருத்துறைப்பூண்டி பக்கத்து விவசாயி ஒருத்தர் இப்படி பேசுறாருன்னு வைங்க: "இவரு சொன்ன மாதிரிதான் சார், அத ஜூன் 12ல தொறந்தாலும் வாய்க்கால தூர்வாரலன்னா தண்ணி எங்களுக்கு வர்றதுக்குள்ள நாத்து முத்திப்போவுது."

கார்டுல இப்படி போடலாம்: "[மேட்டூர் அணைய] ஜூன் 12ல தொறந்தாலும் வாய்க்கால தூர்வாரலன்னா தண்ணி எங்களுக்கு வர்றதுக்குள்ள நாத்து முத்திப்போவுது."

முன்னாடி இருந்த "இவரு சொன்ன மாதிரிதான் சார்" போயிடுச்சு, அதுல ஒன்னும் நஷ்டமில்ல. நாம சேத்தது சதுர அடைப்புக்குள்ள இருக்கு, இல்லன்னா அவரு சொல்லாத வார்த்தைய அவரு வாயில வெச்ச மாதிரி ஆயிடும். "எங்களுக்கு" மட்டும் அப்படியே இருக்கட்டும், கீழ பேருக்கு பக்கத்துல "கடைமடை விவசாயி, திருத்துறைப்பூண்டி"ன்னு போட்டா போதும். நடுவுல எதையாச்சும் வெட்டுனா மூணு புள்ளி வைங்க.

எடம் பத்தலன்னு "தூர்வாரலன்னா"வ மட்டும் தூக்கிடாதீங்க, அப்புறம் மேட்டூர தொறந்தே பிரயோஜனமில்லன்னு அவரு சொன்ன மாதிரி ஆயிடும், கமெண்ட்ல அவரத்தான் வறுப்பாங்க. போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி மாநாட்டுக்கு வராத ஒருத்தர்ட்ட காட்டுங்க, "எத? யாருக்கு?"ன்னு கேட்டாருன்னா இன்னும் ஏதோ விட்டுப்போயிருக்கு.